பில்லில் 750 ரூபாய் தள்ளுபடி: வரிக்கு முன்பா, பின்பா?

*நோட்டுக்கு வரி இல்லை, ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம், பேனாவுக்கு 18. அடியில் மொத்தமாக ஒரு தள்ளுபடி. வாட்ஸ்அப்பில் வந்த பில்லுக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும்?*

சாயங்காலம் ஏழரை மணி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில், கல்லாவில் இருந்த பெண்ணின் போன் அதிர்கிறது. மதுரைக்குச் சரக்கெடுக்கப் போன கொழுந்தனார் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "மதினி, கணக்கைப் பாத்துட்டு ஜிபே பண்ணிருங்க. கடை அடைக்கப் போறாங்க."

போட்டோவில் பில்லின் நடுவே ஒரு மடிப்பு. டியூப்லைட் வெளிச்சம் பட்டு வலது ஓரம் வெளுத்திருக்கிறது. நான்கு சரக்கும், அவற்றின் வரி விகிதமும், 'லெஸ் 750' என்ற வரியும் தெரிகின்றன. அதற்குக் கீழே, மொத்தம் இருக்க வேண்டிய இடத்தில் கொழுந்தனாரின் கட்டை விரல்.

மொத்தக் கடைக்குப் போன் போட்டால், "9,874 ரூபாங்க்கா" என்கிறார் பில் போட்ட பையன். பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கும் மகள் நோட்டில் கணக்குப் போட்டு, "9,827தாம்மா வருது" என்கிறாள். வித்தியாசம் 47 ரூபாய். இரண்டு பேருமே கூட்டலில் தப்புச் செய்யவில்லை.

(பில்லின் அமைப்பு உண்மையில் புழங்குவது. எண்களைத்தான் வாசகர் வசதிக்காக முழு ரூபாயாக்கியிருக்கிறோம்.)

> போட்டோவில் தெரிந்தது
>
> | சரக்கு | எண்ணம் | விலை (ரூ.) | தொகை (ரூ.) | வரி |
> |---|---|---|---|---|
> | நோட்டு | 120 | 40 | 4,800 | இல்லை |
> | ஜியோமெட்ரி பாக்ஸ் | 30 | 80 | 2,400 | 5% |
> | பால்பாயிண்ட் பேனா | 300 | 6 | 1,800 | 18% |
> | கால்குலேட்டர் | 4 | 250 | 1,000 | 18% |
> | கூட்டல் | | | 10,000 | |
> | லெஸ் | | | 750 | |

முதலில் படத்தைப் படிக்க வேண்டும்

வரிக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. மடிப்பில் விழுந்த பேனாவின் தொகை 1,800 என்றும் படிக்கலாம், 1,300 என்றும் படிக்கலாம். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதால் பயனில்லை. 300 பேனா, ஒன்று 6 ரூபாய், அப்படியானால் 1,800. எண்ணத்தை விலையால் பெருக்கித் தொகையோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்கு நகர வேண்டும். நான்கு வரியும் ஒத்துவந்தால் கூட்டல் 10,000 என்பதும் ஒத்துவரும்.

பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரிப் பட்டியல் இருப்பது வழக்கம். விகிதவாரியாக, எந்தத் தொகைக்கு எவ்வளவு வரி என்று அதில் இருக்கும். போட்டோவில் பாதி மட்டும் தெரிந்தாலும் மீதியை அதிலிருந்து மீட்டுவிடலாம். 9 சதவீத மத்திய வரி 233.10 என்று தெரிகிறது, எந்தத் தொகைக்கு என்பது அழிந்திருக்கிறது என்று வையுங்கள். 233.10-ஐ 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 2,590. தள்ளுபடி போக மிஞ்சிய தொகைக்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள் என்பதையும் அந்த ஒரு எண் சொல்லிவிடும். அதே இடத்தில் 252 என்று இருந்தால், வகுத்தால் 2,800 வரும். தள்ளுபடிக்கு முந்தைய முழுத் தொகைக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்காரரைக் கேட்காமலே பில் எந்த முறையில் போடப்பட்டது என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

> போட்டோ பில்லில் தவறவிடக் கூடாதவை
>
> தேதி: 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. நோட்டு 12 சதவீதத்திலிருந்து வரியே இல்லாத பட்டியலுக்குப் போனது. ஜியோமெட்ரி பாக்ஸ் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. பேனா 18-லேயே நின்றுவிட்டது. பழைய தேதியிட்ட பில் என்றால் கணக்கே வேறு.
>
> ஜி.எஸ்.டி எண்: 15 எழுத்துகள். தமிழ்நாட்டில் பதிவான கடை என்றால் 33 என்று தொடங்கும். எண்ணே இல்லாத கடை வரி வசூலிக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடையும் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வாங்கக் கூடாது.
>
> எழுத்தில் எழுதிய தொகை: இலக்கம் மறைந்தாலும், 'ரூபாய் ... மட்டும்' என்ற வரி காப்பாற்றும்.
>
> பக்கம்: 'தொடர்ச்சி' என்று அடியில் இருந்தால் இன்னொரு தாள் இருக்கிறது.

750-ஐ யார் தலையில் கழிப்பது?

எல்லாச் சரக்குக்கும் ஒரே வரி என்றால் இந்தக் கேள்வியே எழாது. 10,000-லிருந்து 750-ஐக் கழித்து, மிச்சத்துக்கு வரி போட்டு முடித்துவிடலாம். இங்கே மூன்று விகிதம். தள்ளுபடியோ மொத்த பில்லுக்கு ஒன்றாகக் கொடுத்தது. அது நோட்டுக்கா, பாக்ஸுக்கா, பேனாவுக்கா என்று பில்லில் இல்லை.

சட்டம் இதில் பாதி வழிதான் கூட வருகிறது. மத்திய ஜி.எஸ்.டி சட்டத்தின் 15-வது பிரிவு, விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்து, பில்லிலும் பதிவான தள்ளுபடியை வரிக்குரிய மதிப்பில் சேர்க்கக் கூடாது என்கிறது. விதி 46, தள்ளுபடி போக உள்ள மதிப்பை பில்லில் காட்டச் சொல்கிறது. ஆகவே முதலில் தள்ளுபடி, பிறகு வரி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மொத்தமாகக் கொடுத்த தள்ளுபடியை வெவ்வேறு விகிதச் சரக்குகளுக்கு எப்படிப் பிரிப்பது என்று அங்கே ஒரு சூத்திரமும் இல்லை. அந்த இடத்தை வணிக வழக்கமும் பொது அறிவும் நிரப்புகின்றன: சரக்கின் மதிப்புக்கு ஏற்ற பங்கு.

மகள் போட்டது அந்தக் கணக்குதான். 10,000-க்கு 750 என்றால் நூற்றுக்கு ஏழரை. ஒவ்வொரு தொகையிலும் ஏழரை சதவீதத்தைக் கழித்துவிட்டாள்.

> மகளின் நோட்டில்
>
> | விகிதம் | தொகை | தள்ளுபடிப் பங்கு | மிச்சம் | வரி |
> |---|---|---|---|---|
> | இல்லை | 4,800 | 360 | 4,440 | 0 |
> | 5% | 2,400 | 180 | 2,220 | 111.00 |
> | 18% | 2,800 | 210 | 2,590 | 466.20 |
> | மொத்தம் | 10,000 | 750 | 9,250 | 577.20 |
>
> வரியில் பாதி மத்திய அரசுக்கு 288.60, பாதி மாநில அரசுக்கு 288.60.
>
> 9,250 + 577.20 = 9,827.20. ரவுண்ட் ஆஃப் போக 9,827 ரூபாய்.

சரிபார்க்க இரண்டு இடம் போதும். தள்ளுபடிப் பங்குகளைக் கூட்டினால் சரியாக 750 வர வேண்டும். 'ரவுண்ட் ஆஃப்' வரியில் ஐம்பது பைசாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ரவுண்ட் ஆஃப் என்ற பெயரில் மூன்று ரூபாய், நாலு ரூபாய் இருந்தால் வேறெங்கோ இடித்த கணக்கை அங்கே கொண்டுவந்து ஒளித்திருக்கிறார்கள்.

குறுக்குவழி என்று சிலர் மூன்று விகிதத்துக்கும் சராசரி பார்க்கிறார்கள். 0, 5, 18 கூட்டி மூன்றால் வகுத்தால் 7.67 சதவீதம். 9,250-க்கு அது 709 ரூபாய்க்குப் போய்விடும். பாதிக்குப் பாதி வரியில்லாத நோட்டு இருக்கும் பில்லில் இந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது.

9,874 எங்கிருந்து வந்தது?

பில் போட்ட பையனின் கணினி முழுத் தொகைக்கு வரி போட்டது. 2,400-க்கு 5 சதவீதம் 120. 2,800-க்கு 18 சதவீதம் 504. வரி 624. ஆக 10,624. அதிலிருந்து 750-ஐக் கழித்தால் 9,874. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தள்ளுபடி முழுசாகக் கிடைத்தது போலத்தான் இருக்கும். ஆனால் தள்ளுபடியாகப் போன பணத்துக்கும் அவர் வரி கட்டியிருக்கிறார். 624-ல் ஏழரை சதவீதம் 46.80. வித்தியாசம் அதுதான்.

பையன் வேண்டுமென்று செய்ததல்ல. பல கடைகளில் தள்ளுபடிக்கென்று டேலியில் ஒரு லெட்ஜர் திறந்து பில்லின் அடியில் இழுத்துவிடுகிறார்கள். அந்த லெட்ஜரைத் திறக்கும்போது `Include in assessable value calculation` என்ற இடத்தில் ஜி.எஸ்.டி என்று குறிப்பிட்டு, பிரிக்கும் முறையாக `Based on Value` கொடுத்திருந்தால் மென்பொருளே 750-ஐப் பங்கு போட்டு 9,827.20 என்று காட்டியிருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால், தள்ளுபடி வரிக்குப் பிறகு வந்து உட்காரும். யாரோ எப்போதோ கடைக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தபோது விட்டுப்போன ஒரு தெரிவு, தினமும் நூறு பில்லில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கடை '750 ரூபாய் லெஸ்' என்று சொல்லாமல் 'மொத்தத்தில் ஏழரை பர்சென்ட் லெஸ்' என்று சொல்லி, 10,624-லிருந்து ஏழரை சதவீதத்தைக் கழித்திருந்தால்? 796.80 போக 9,827.20. பைசா பிசகாமல் மகளின் விடை. சதவீதமாகக் கழித்தால் வரியும் கூடவே குறைகிறது, அதனால் முன்பு கழித்தாலும் பின்பு கழித்தாலும் கட்ட வேண்டிய தொகை ஒன்றுதான். ரூபாயாகக் கழிக்கும்போதுதான் வரிசை முக்கியமாகிறது. சதவீதக் கணக்கிலும் ஒரு குறை மிச்சமிருக்கும்: பில்லின் வரிப் பட்டியல் 624 என்றே சொல்லிக்கொண்டிருக்கும், வாங்கியது 577.20-ஆக இருக்கும்.

மூன்றாவது விடையும் உண்டு

மதுரையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு ஆடிட்டரிடம் இதே போட்டோவைக் காட்டினோம். சிரித்தார்.

"இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க. 750-யும் பேனா, கால்குலேட்டருக்குக் கொடுத்த ஸ்கீம்னு பில்லில் அந்த வரியிலேயே எழுதியிருந்தா? 2,800-ல 750 போனா 2,050. அதுக்கு 369, பாக்ஸுக்கு 120. வரி 489தான். அந்தம்மா 9,739 கட்டினாப் போதும்."

அப்படி எழுதலாமா?

"உண்மையிலேயே பேனாவுக்குத்தான் கொடுத்தாங்கன்னா எழுதணும். கம்பெனி பேனாவுக்கு ஸ்கீம் விட்டிருக்கும், அதைக் கடைக்காரர் இறக்கிக் கொடுப்பார், அது வழக்கம்தானே. மொத்தமாக் கொடுத்ததை, வரி குறையட்டும்னு கொண்டுபோய்ப் 18 பர்சென்ட் சரக்கு மேல ஏத்தினா, ஆய்வுல கேள்வி வரும். எல்லாப் பில்லுலயும் அதிக வரிச் சரக்குக்கு மட்டுமே தள்ளுபடி விழுந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

தலைகீழாகவும் பாருங்கள். 750-யும் நோட்டுக்கே கொடுத்தது என்று வைத்தால் வரி குறையவே குறையாது, ஏனென்றால் நோட்டுக்கு வரியே இல்லை. வரி 624, மொத்தம் 9,874. பையன் சொன்ன அதே தொகை! வரிக்குப் பின் தள்ளுபடி என்பது, இந்தப் பில்லைப் பொறுத்தவரை, முழுத் தள்ளுபடியையும் வரியில்லாத சரக்கின் மேல் போட்டதற்குச் சமம். ஒரே சரக்கு, ஒரே தள்ளுபடி. 9,739, 9,827, 9,874 என்று மூன்று தொகை.

47 ரூபாய் யாருடைய பணம்?

மொத்த வியாபாரியின் பக்கம் நின்று பார்ப்போம். 9,874 வாங்கினால் 624-ஐ அரசுக்குக் கட்டுகிறார், கையில் 9,250. 9,827.20 வாங்கினால் 577.20 கட்டுகிறார், கையில் 9,250. 9,739 வாங்கினாலும் 489 போக அதே 9,250. எப்படிப் போட்டாலும் அவருக்கு ஒன்றுதான். லெட்ஜரைத் திருத்த அவருக்கு அவசரமே இல்லாததன் காரணம் இதுதான்.

ஜி.எஸ்.டி பதிவு உள்ள கடைக்காரர் வாங்கினாலும் அப்படியே. பில்லில் உள்ள வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார். 9,874 கட்டி 624-ஐ வரவு வைத்தால் அவருக்குச் சரக்கின் அடக்கம் 9,250. பெரிய கடைகளுக்கு இடையே நாளெல்லாம் இந்தத் தப்பு நடந்தும் சண்டை வராததற்கு இதுவே விளக்கம். விற்றவர் அரசுத் தளத்தில் ஏற்றிய தொகையும் பில்லில் உள்ள தொகையும் ஒத்துப்போகிறவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உசிலம்பட்டிக் கடைக்கோ ஜி.எஸ்.டி பதிவு கிடையாது. சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. அதனால்தான் வரியுள்ள சரக்கும் வரியில்லாத நோட்டும் ஒரே பில்லில் வந்தன. பதிவில்லாதவருக்கு விற்கும்போது இரண்டையும் ஒரே தாளில் போட விதி 46ஏ அனுமதிக்கிறது. பதிவு இல்லையென்றால் வரவும் இல்லை. அவர் கட்டும் வரி அவருக்குச் செலவு. அந்த 46 ரூபாய் 80 பைசா, சங்கிலியில் வேறு யாருக்கும் வலிக்காமல், வரியைத் திரும்பப் பெற வழியில்லாத அவர் மேல் மட்டும் வந்து விழுகிறது. காம்போசிஷன் கடை, பள்ளிக்கூடம், சொந்த வீட்டுக்காரர் எல்லாரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வீடு கட்டுகிறவரிடம் போனால் தொகை சிரிப்பாக இருக்காது. சிமென்ட், கம்பி என்று ஐந்து லட்சத்துக்குச் சரக்கு. சிமென்டும் 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18-க்கு வந்துவிட்டதால் இரண்டுக்கும் ஒரே விகிதம். பேரம் பேசி 40,000 ரூபாய் குறைத்தாயிற்று. முதலில் கழித்தால் 4,60,000-க்கு வரி 82,800. கட்ட வேண்டியது 5,42,800. வரி போட்ட பிறகு கழித்தால் 5,50,000. பேரத்தில் கிடைத்த 40,000-ல் 7,200 வரியாகத் திரும்பிப் போய்விடுகிறது. இந்த பில்லும் பெரும்பாலும் மேஸ்திரியின் போனிலிருந்து போட்டோவாகத்தான் வருகிறது.

மோசமானது இன்னொன்று. பில்லில் 624 வசூலித்துவிட்டு, அரசுத் தளத்தில் 577.20 மட்டும் காட்டும் கடை. வரி என்று சொல்லி வாங்கிய எந்தப் பணமும் அரசுக்குப் போக வேண்டும் என்கிறது 76-வது பிரிவு. வரி கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்பது அதை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது.

எம்.ஆர்.பி போட்ட சரக்கில் கணக்கு உள்ளே இருக்கிறது

சூப்பர் மார்க்கெட் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, "இதிலும் வரியைக் கூட்டணுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. கூட்டக் கூடாது. எம்.ஆர்.பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 236 ரூபாய் சலவைத் தூளில் 18 சதவீத வரி 36 ரூபாய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலை 212.40. அதற்குள் இருக்கும் வரியை அறிய 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும்: 32.40. தள்ளுபடி கொடுத்த விலையின் மேல் இன்னொரு முறை 18 சதவீதம் ஏற்றினால் 250 ரூபாயைத் தாண்டிவிடும், அதாவது எம்.ஆர்.பிக்கும் மேலே. போட்டோவில் அப்படி ஒரு வரி தெரிந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

ஆகவே எந்த பில்லிலும் முதல் கேள்வி, 'விலை' என்ற பத்தியில் உள்ளது வரி சேர்ந்ததா, சேராததா என்பது. வரிப் பட்டியலில் உள்ள மதிப்புகளைக் கூட்டுங்கள். சரக்குத் தொகையிலிருந்து தள்ளுபடி போனதற்குச் சமமாக இருந்தால் வரி வெளியே இருக்கிறது. அதைவிடக் குறைவாக இருந்தால் வரி உள்ளே இருக்கலாம். ஆனால் வரியில்லாத நோட்டைப் பட்டியல் விட்டுவிட்டதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தப்பான பில்லை எப்படித் திருத்துவது?

பணம் கட்டும் முன் என்றால் எளிது. அந்த பில்லை ரத்து செய்து வேறு பில் போட்டுத் தரச் சொல்லலாம். "பேனாவுக்குத் தள்ளுபடின்னா பேனா வரியிலேயே போடுங்க, எல்லாத்துக்கும்னா வரிக்கு முன்னாடி போடுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். கட்டிய பிறகு என்றால் 34-வது பிரிவின்படி கிரெடிட் நோட். கூடுதலாக வரி போட்ட பில்லுக்கு விற்றவர் அதைக் கொடுத்து, தன் கணக்கிலும் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதிக்குள், அது அரசுத் தளத்தில் ஏற வேண்டும்.

47 ரூபாய்க்கு எந்தக் கடையும் கிரெடிட் நோட் எழுதாது. "அடுத்த பில்லில் கழிச்சுக்கிறேங்க்கா" என்றுதான் பதில் வரும். அப்படியானால் அடுத்த பில்லைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அந்த 47 ரூபாய் அங்கே ஒரு தள்ளுபடியாகத்தான் விழும். லெட்ஜரைத் திருத்தாமல் இருந்தால், அதுவும் வரிக்குப் பின்னால்தான் வந்து உட்காரும்.